பரிந்துரையில் ‘நினைக்கிறேன்’, ‘தோன்றுகிறது’, ‘நம்புகிறேன்’

ஒருவர் பரிந்துரை சொல்லும்போது ‘என்று நினைக்கிறேன்’, ‘எனத் தோன்றுகிறது’, ‘என்று நம்புகிறேன்’ என முடிப்பது இரண்டு காரியங்களைச் செய்கிறது: சொல்பவருக்கு எவ்வளவு உறுதி இருக்கிறது என்பதைக் காட்டுகிறது, முடிவெடுக்கும் உரிமை கேட்பவருடையது என்பதை ஒப்புக்கொள்கிறது. இவை பலமா பலவீனமா என்பது வாக்கியத்தின் எந்தப் பகுதியில் அமர்கின்றன என்பதைப் பொறுத்தது.

1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி பெய்துகொண்டிருந்தபோது ஏர் புளோரிடா 90 என்ற போயிங் 737 விமானம் ஓடுபாதையில் விரைந்தது. எஞ்சின்களின் பனித்தடுப்பு அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது. அதனால் எஞ்சினின் உணர்குழாய் பனியால் அடைபட்டு, அழுத்த விகிதத்தைக் காட்டும் கருவி 2.04 எனக் காட்டியது. உண்மையில் அது 1.70 அளவே இருந்தது. மற்ற எஞ்சின் கருவிகள் இதனுடன் பொருந்தவில்லை. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி இதைக் கவனித்தார். சரியாகத் தோன்றவில்லையே என்று கேள்வியாகச் சொன்னார். சரியில்லை என்றும் சொன்னார். சரிதான் என்று கேப்டன் மறுத்ததும், தாம் அப்படி நினைக்கவில்லை என்றவர், ஒருவேளை சரியாகவும் இருக்கலாம் என்று பின்வாங்கினார். நிறுத்தச் சொல்லவே இல்லை. விமானம் ஒரு பாலத்தில் மோதி பொடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேர் உட்பட 78 பேர் இறந்தனர்.

அவர் பார்த்தது கருவிகளின் முரண்பாடு. அது கண்முன் நின்ற உண்மை. அதற்கு ‘நினைக்கிறேன்’ தேவையில்லை. காரணம் என்ன என்பதுதான் ஊகம். “கருவிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பனி அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். நிறுத்துங்கள்” என்றிருந்தால் மென்மொழி உரிய இடத்தில் அமர்ந்திருக்கும். கண்டதையும் கேட்டுக்கொண்டதையும் மென்மைப்படுத்தும்போது, மேலதிகாரி ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட முடிகிறது. நேரம் குறைவாக இருக்கும்போது இது இன்னும் எளிது. ‘தோன்றுகிறது’ என்பதில் ஆபத்து அதிகம்: சான்றை அது சொந்த உணர்வாக மாற்றிவிடுகிறது. உணர்வுக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

சான்று குறைவாக இருக்கும்போதும், முடிவு கேட்பவரின் விருப்பத்தைச் சார்ந்திருக்கும்போதும் மென்மொழி நேர்மையானது. மருத்துவ வழிகாட்டுதல்களுக்கான கிரேட் முறை இதை வெளிப்படையாகவே வகுத்திருக்கிறது. நன்மை தீமையை விடத் தெளிவாக மிகுந்தால் ‘பரிந்துரைக்கிறோம்’ என்று எழுதுவார்கள். நோயாளிக்கு நோயாளி முடிவு மாறக்கூடுமானால் ‘யோசனை கூறுகிறோம்’ என்பார்கள். பின்னதைப் படிக்கும் மருத்துவர், நோயாளியிடம் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார். இங்கே மென்மை ஒரு தகவல். எல்லாப் பரிந்துரைக்கும் ஒரே முடிப்பைப் போடுபவரிடம் அந்தத் தகவல் கிடைக்காது.

வாஷிங்டன் விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எஞ்சின் கருவிகளின் முரண்பாடு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் கேப்டன் புறப்பாட்டைக் கைவிடாததை விபத்துக்கான காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. கருத்தை உறுதியாக எடுத்துச் சொல்வதற்கான பயிற்சி விமானிகளுக்கு மிக அவசியம் என்றும் வலியுறுத்தியது.