காலிசெய்யக் கோரும் அறிவிப்பு

வாடகைதாரரிடம் இடத்தைத் திரும்பக் கேட்டு உரிமையாளர் கையொப்பமிட்டுத் தரும் கடிதம். இந்தியாவில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. வேறு ஒப்பந்தமோ தனி வாடகைச் சட்டமோ குறுக்கிடாவிட்டால், மாத வாடகைக் கடைக்கு 15 நாள் அவகாசம் போதும்.

பலர் சறுக்குவது நாள் கணக்கில்தான். அவகாசம் கடிதத் தேதியிலிருந்து ஓடாது. கைக்குக் கிடைத்த நாளிலிருந்தே ஓடும். ஜூன் 1 தேதியிட்ட பதிவுத் தபால் 6ஆம் தேதி சேர்ந்தால், 16ஆம் தேதி காலிசெய்யச் சொல்வது போதாது. "தங்கள் வாடகை உரிமை ஜூன் 30உடன் முடிகிறது; அன்று மாலைக்குள் சாவியை ஒப்படைக்க வேண்டுகிறேன்" என்பதில் மரியாதையும் உண்டு, தேதியும் உண்டு.

நாள் குறைந்தாலே அறிவிப்பு செல்லாது என்ற நிலை 2002 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் மாறியது. சட்டப்படியான அவகாசம் முழுதும் கழிந்தபின் வழக்குத் தொடுத்திருந்தால், அந்தக் குறை மட்டுமே அறிவிப்பைச் செல்லாததாக்காது.