காணாமற்போன அரசு ஊழியரும் குடும்ப ஓய்வூதியமும்: ஏழாண்டு அனுமானத்திலிருந்து ஆறு மாதக் காத்திருப்பு வரை

ஆய்வுச் சுருக்கம்

பணியிலிருக்கும்போது காணாமற்போன நடுவணரசு ஊழியரின் குடும்பம் ஓய்வூதியம் பெறுவதற்கான காத்திருப்புக் காலம் 1986-இல் ஏழாண்டுகளிலிருந்து ஓராண்டாகவும், 2010-இல் ஆறு மாதங்களாகவும் குறைக்கப்பட்டது. ஆயினும் இறப்பு அனுமானத்திற்கான ஏழாண்டு வரம்பு சட்டத்தில் மாற்றப்படவில்லை. இறப்பை முடிவு செய்யாமலே பணம் வழங்கும் நிருவாக வழி ஒன்று உருவானதையும், அவ்வழி எட்டாத இடங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: குடும்ப ஓய்வூதியம், இறப்பு அனுமானம், பணிக்கொடை, ஈட்டுறுதிப் பத்திரம்

ஏழாண்டு வரம்பின் தோற்றம்

ஏழாண்டு என்னும் அளவு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்து இருதார மணத் தடைச் சட்டம், துணைவர் ஏழாண்டுகள் பிரிந்திருந்த நிலையில் மறுமணம் செய்தவருக்குத் தண்டனையிலிருந்து விலக்களித்தது. ஒருவரின் ஆயுட்காலம்வரை செல்லுபடியாகும் நில உரிமைகள் குறித்த 1666-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே அளவைக் கையாண்டது. கடல்கடந்து சென்றவர் ஏழாண்டுகள் திரும்பாதிருந்தால் இறந்தவராகவே கருதப்பட்டார். பின்னர் அவர் உயிருடன் இருப்பது தெரியவந்தால் உரிமை மீண்டது. பணம் தருவதும், திரும்பி வந்தால் மீட்பதற்கு இடம் வைப்பதும் ஆகிய இரண்டும் அப்போதே ஒன்றாகச் சிந்திக்கப்பட்டுள்ளன.

இந்தியச் சாட்சியச் சட்டம் (1872) இவ்வளவைத் தன் 108-ஆம் பிரிவில் ஏற்றது. ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிருடன் இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு கூறுபவரையே சாரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் இவ்விதி 111-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அனுமானம் சொல்வதும் சொல்லாததும்

இப்பிரிவு ஒருவர் இறந்துவிட்டார் என்பதை மட்டுமே அனுமானிக்க இடமளிக்கிறது. எப்போது இறந்தார் என்பதைச் சொல்வதில்லை. லால் சந்த் மார்வாரி வழக்கில் (1925) பிரிவி கவுன்சில் இதைத் தெளிவுபடுத்தியது. இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்திற்கும் அனுராதாவுக்கும் இடையிலான வழக்கில் (2004) இந்திய உச்ச நீதிமன்றமும் இந்நிலையையே எடுத்தது. காணாமற்போன நாளிலேயே இறப்பு நிகழ்ந்தது என்று கொள்ள முடியாது. இறந்த காலத்தைச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். எனவே காணாமற்போன பிறகு தவணை கட்டப்படாமல் காலாவதியான காப்பீடு, ஏழாண்டு முடிந்ததால் மட்டும் உயிர்பெறாது.

குடும்ப ஓய்வூதியத்திலும் இதே சிக்கல் எழுந்தது. ஊழியர் பணியில் இருந்தபோது இறந்தாரா என்பதே உரிமையின் அடிப்படை. முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதவர்மீது துறை நடவடிக்கை எடுத்துப் பணிநீக்க ஆணை பிறப்பித்துவிட்டால், ஓய்வூதிய விதிகளின்படி அவரது முந்தைய பணிக்காலம் பறிபோகும். குடும்பத்தின் கோரிக்கைக்கும் அடித்தளம் இராது. ஏழாண்டுக்குப் பின் இறந்தவராக அவர் அனுமானிக்கப்பட்டாலும், பணிநீக்கத்துக்கு முன்பே இறந்தார் என்பதை அவ்வனுமானம் காட்டித்தராது.

1986-ஆம் ஆண்டுக் குறிப்பாணை

நடுவணரசின் ஓய்வூதியத் துறை 1986 ஆகஸ்டு 29 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை இம்முடிச்சை வேறு வழியில் அவிழ்த்தது. அது இறப்பை அறிவிக்கவில்லை. வழங்க வேண்டிய தொகைகளை இரண்டாகப் பிரித்தது. நிலுவை ஊதியம், விடுப்பு ஊதியம், பொது வருங்கால வைப்பு நிதி ஆகியவை ஊழியர் ஏற்கெனவே ஈட்டியவை. ஆகவே அவற்றை முதற்கட்டமாக, நியமனத்தைக் கருத்திற்கொண்டு குடும்பத்திற்கு வழங்கலாம். பணிக்கொடையும் குடும்ப ஓய்வூதியமும் ஓராண்டு கழிந்த பின் வழங்கப்படும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. காவல் நிலையத்தில் புகார் அளித்து, எல்லா முயற்சிகளுக்குப் பின்னும் ஊழியரைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் அறிக்கையைக் குடும்பம் பெற வேண்டும். ஊழியர் திரும்பி வந்து உரிமை கோரினால், பெற்ற தொகைகள் அவருக்குச் சேர வேண்டியவற்றில் ஈடுசெய்யப்படும் என்று ஈட்டுறுதிப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். அரசின் இடரை இப்பத்திரமே தாங்குகிறது. இதனால் இறப்பை மெய்ப்பிக்க வேண்டிய தேவை விலகுகிறது. மோசடி முதலிய குற்றம் செய்து தலைமறைவானவரின் குடும்பத்திற்கு மட்டும் இச்சலுகை உடனே கிட்டாது. நீதிமன்ற விடுதலை அல்லது துறை நடவடிக்கையின் முடிவுக்காக அது காத்திருக்க வேண்டும்.

2010 ஜூலையில் ஓராண்டு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. காவல் நிலையத்தில் புகார் பதிவான நாளிலிருந்தே இக்காலம் எண்ணப்படுகிறது. ஓய்வூதியம் சேரத் தொடங்கும் நாளைக் கணக்கிடும்போதும் விடுப்பு முடிந்த நாள், ஊதியம் கடைசியாக வழங்கப்பட்ட நாள், புகார் நாள் ஆகியவற்றில் பிந்தியது கொள்ளப்படுகிறது. 'எப்போது இறந்தார்' என்னும் விடையற்ற வினாவின் இடத்தில் 'எப்போது புகார் பதிவானது' என்னும் விடையுள்ள வினா அமர்ந்தது. இதன் விலையையும் குடும்பமே தருகிறது. கணவர் திரும்பி வருவார் என்று நம்பியோ, ஊரார் பேச்சுக்கு அஞ்சியோ புகாரைத் தள்ளிப்போடும் மனைவி, அத்தனை மாத ஓய்வூதியத்தை இழக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பத்தாண்டுகள் பணியாற்றி, மாதம் 10,000 ரூபாய் கணக்கீட்டு ஊதியம் பெற்ற ஓர் ஊழியர் காணாமற்போய், 2011 மார்ச்சில் புகார் பதிவானதாகக் கொள்வோம். அதே ஆண்டு செப்டம்பரில் ஆறு மாதம் நிறைவுறும். குடும்பம் ஓய்வூதியம் கோரலாம். பணிக்கொடையோ முழுமையாகக் கிட்டாது. ஓய்வுப் பணிக்கொடை ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம் என்பதால், 20 அரையாண்டுகளுக்கு ஐந்து மாத ஊதியமாகிய 50,000 ரூபாய் ஆகும். இப்பணிக்காலத்துக்கு இறப்புப் பணிக்கொடை பன்னிரண்டு மாத ஊதியம், அதாவது 1,20,000 ரூபாய். முதலில் வழங்கப்படுவது 50,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 70,000 ரூபாய், இறப்பு ஐயமற நிறுவப்பட்ட பின்னரோ, ஏழாண்டு முடிந்து 2018 மார்ச்சிலோதான் கிடைக்கும்.

இறப்பை முடிவு செய்யாத அரசு, இறப்பினால் மட்டுமே எழும் கூடுதல் தொகையைத் தர மறுக்கிறது. தருக்க அடிப்படையில் இது முரணற்றது. ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஏழாண்டு இந்த 70,000 ரூபாயில் இன்னும் உயிர்வாழ்கிறது. கருணை அடிப்படையிலான பணி நியமனத்திற்குத் தனியாக இரண்டாண்டுக் காத்திருப்பும் உண்டு. ஆக, ஒரே குடும்பம் உடனடி, ஆறு மாதம், இரண்டாண்டு, ஏழாண்டு என நான்கு காலக்கெடுக்களை எண்ண வேண்டியுள்ளது.

எல்லைகள்

இக்குறிப்பாணைகள் நிருவாக ஆணைகள். அவை ஓய்வூதியத் துறையின் வரம்பைத் தாண்டிச் செல்வதில்லை. ஓய்வூதியம் பெறும் மனைவி சட்டத்தின் பார்வையில் இன்னும் கைம்பெண் அல்லர். காப்பீட்டுக் கழகத்தையும் நீதிமன்றத்தையும் இவ்வாணைகள் கட்டுப்படுத்துவதில்லை. மேலும், 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்து தேசிய ஓய்வூதியத் திட்டத்திற்கு உட்பட்டோர் இச்சலுகைக்கு வெளியே நின்றனர். அவர்களின் குடும்பங்களுக்கு 2022-இல்தான் இது நீட்டிக்கப்பட்டது.

முடிவுரை

ஏழாண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்த பயணத்தை, இறப்பு அனுமானம் விரைவுபடுத்தப்பட்டதாகப் படிப்பது பிழையாகும். அனுமானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றிச் செல்லும் பாதையே அமைக்கப்பட்டது. அப்பாதையின் முதற்படி காவல் நிலையப் புகார், இரண்டாம் படி ஈட்டுறுதிப் பத்திரம். புகார் பதிவாகாத இடத்தில் ஆறு மாதக் கெடு தொடங்குவதேயில்லை. ஆகவே இச்சீர்திருத்தத்தின் பயனை அளக்க முற்படும் ஆய்வு, ஒப்புதல் ஆணைகளின் நாள்களோடு நின்றுவிடாமல், ஊழியர் காணாமற்போன நாளுக்கும் புகார் பதிவான நாளுக்கும் இடையிலான இடைவெளியையும் ஆவணங்களில் தேட வேண்டும்.