இரண்டு மிகைகள்: ‘டிஸ்கஸ் அபௌட்’டும் ‘ரிட்டர்ன் பேக்’கும்

ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தொடர்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’ இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். திருத்தமும் இரண்டுக்கும் ஒன்றுதான்: ‘அபௌட்’டை நீக்கு, ‘பேக்’கை நீக்கு. மாணவர் அதை மனப்பாடம் செய்துகொள்கிறார். பட்டியலில் இல்லாத ‘ரிக்வெஸ்ட் ஃபார்’, ‘ரிப்போர்ட் பேக்’ போன்றவை எதிரே வரும்போது எதை நீக்குவது, எதை விடுவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். காரணம், பட்டியல் ஒரே பெயரில் அடைத்து வைத்திருப்பது வெவ்வேறான இரண்டு பிழைகளை. ஒன்று வாக்கிய அமைப்பில் நேர்வது, மற்றொன்று பொருளில் நேர்வது. இவ்வேறுபாடு விளங்கினால் பட்டியல் இல்லாமலே மிகைச்சொல்லைக் கண்டுபிடிக்கலாம்.

பொதுவான பிறப்பிடம்

முதலில் ஒற்றுமையைப் பார்ப்போம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், சில நூற்றாண்டுகளில் பிரெஞ்சுச் சொற்களும் அவற்றோடு லத்தீன் சொற்களும் ஆங்கிலத்துக்குள் பெருமளவில் வந்து சேர்ந்தன. அதனால் ஒரே கருத்தைச் சொல்ல அம்மொழியில் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. பழைய ஆங்கில வழியில் ஒரு சிறிய வினையும் அதன் பின்னால் ஓர் ஒட்டுச்சொல்லும் வரும்: ‘டாக் அபௌட்’, ‘கம் பேக்’, ‘கிவ் பேக்’. வந்து சேர்ந்த வழியில் ஒரே சொல் முழு வேலையையும் செய்துவிடும்: ‘டிஸ்கஸ்’, ‘ரிட்டர்ன்’.

நம் இரு தொடர்களும் இவ்விரு வழிகளையும் கலந்ததால் பிறந்தவை. ‘டாக் அபௌட்’ என்று பழகிய நாக்கு ‘டிஸ்கஸ்’ஸுக்கும் ‘அபௌட்’ சேர்க்கிறது. ‘கம் பேக்’ என்று பழகிய நாக்கு ‘ரிட்டர்’னுக்கும் ‘பேக்’ சேர்க்கிறது. தமிழர்களுக்கு இதில் கூடுதல் தூண்டுதலும் உண்டு. ‘திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்’ என்பது நமக்கு இயல்பான தமிழ், அந்தப் ‘பற்றி’தான் ‘அபௌட்’டாகிறது. ‘திரும்பி வந்தான்’, ‘திருப்பிக் கொடுத்தான்’ என்று இரண்டு சொல்லால் சொல்லிப் பழகியதால் ‘ரிட்டர்ன்’ என்ற ஒற்றைச் சொல் நமக்கு அரைகுறையாகத் தோன்றுகிறது.

ஒற்றுமை இவ்வளவுதான். இனி வேற்றுமை.

‘டிஸ்கஸ் அபௌட்’: அமைப்பில் மிகை

‘டிஸ்கஸ்’ தன் செயப்படுபொருளை நேராக ஏற்கும் வினை. ‘வி டிஸ்கஸ்ட் தி பிளான்’ என்றால் வாக்கியம் நிறைவு பெற்றுவிட்டது. ‘டாக்’ அப்படியல்ல. ‘வி டாக்ட் தி பிளான்’ என்று சொல்ல முடியாது, வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே ‘அபௌட்’ வேண்டும். ஆகவே ‘டிஸ்கஸ் அபௌட்’டில் கூடியிருப்பது பொருளன்று, தேவையற்ற ஓர் இணைப்பு. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள் ‘அபௌட்’டின் பொருள் ஒளிந்திருப்பதாகச் சிலர் விளக்குவதுண்டு. அந்த விளக்கம் வழிதவறச் செய்யும். ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்கும் அதே பொருள்தான், ஆனாலும் ‘எ டிஸ்கஷன் அபௌட் தி பிளான்’ முற்றிலும் சரி. வினை தன் செயப்படுபொருளை நேராகத் தொடும், அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல்லுக்கு நடுவே இணைப்பு வேண்டும். விதி அவ்வளவே.

இந்தப் பெயர்–வினை வேறுபாடே இவ்வகைப் பிழைகளில் பலவற்றுக்கு மூலம். ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி, ‘எம்ஃபசைஸ் ஆன்’ பிழை. பெயரும் வினையும் ஒரே உருவில் இருக்கும் சொற்களில் பிழை இன்னும் எளிதாக நுழையும். ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் டைம்’ என்பதில் ‘ரிக்வெஸ்ட்’ பெயர்ச்சொல், அங்கே ‘ஃபார்’ தேவை. ‘வி ரிக்வெஸ்ட் ஃபார் டைம்’ என்பதில் அது வினை, ‘ஃபார்’ மிகை. ‘டிமாண்ட்’, ‘ஆர்டர்’ இரண்டும் இப்படித்தான். சொல்லுக்கு முன்னால் ‘எ’, ‘தி’, ‘அவர்’ போன்றவை நின்றால் அது பெயர், பின்னால் வரும் இணைப்பை விட்டுவிடலாம்.

வினையைச் சோதிக்க ஒரு கேள்வி போதும். ‘வாட் டிட் யு டாக் அபௌட்?’ என்று கேட்க ‘அபௌட்’ வேண்டும். ‘வாட் டிட் யு டிஸ்கஸ்?’ என்பது அது இல்லாமலே முழுமையான கேள்வி. ஆகவே ‘டிஸ்கஸ்’ஸுக்கு அது வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சோதனையோடு நின்றுவிட்டால் நல்ல சொல்லையும் வெட்டிவிடுவோம். ‘வாட் டிட் யு ரீட்?’ என்பதும் முழுமையான கேள்விதான். அதற்காக ‘ரீட் அபௌட்’ பிழையாகிவிடாது. ‘ஐ ரெட் தி ரிப்போர்ட்’ என்றால் அறிக்கையையே படித்தேன். ‘ஐ ரெட் அபௌட் தி ரிப்போர்ட்’ என்றால் அறிக்கையைப் பற்றி வேறெங்கோ படித்தேன். ஆகவே இரண்டாம் படியாக, இணைப்புச் சொல்லோடும் அது இல்லாமலும் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பொருள் மாறினால் இரண்டு வடிவங்களும் சரி. மாறாவிட்டால் இணைப்பு மிகை. ‘அட்டெண்ட் தி மீட்டிங்’ கூட்டத்துக்குச் செல்வது, ‘அட்டெண்ட் டு தி பேஷண்ட்’ நோயாளியைக் கவனிப்பது. ‘என்டர் தி ரூம்’ அறைக்குள் நுழைவது, ‘என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்’ ஒப்பந்தம் செய்துகொள்வது. இவற்றில் ‘டு’வுக்கும் ‘இன்டு’வுக்கும் வேலை இருக்கிறது. ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் வரும் ‘அபௌட்’டுக்கு இல்லை.

‘ரிட்டர்ன் பேக்’: பொருளில் மிகை

‘ரிட்டர்ன் பேக்’கின் கதை வேறு. இலக்கண அமைப்பில் இதில் குறையே கிடையாது. ‘ரிட்டர்ன் ஹோம்’ என்று ‘ரிட்டர்’னுக்குப் பின் ‘ஹோம்’ வரலாம் என்றால் ‘பேக்’கும் வரலாம். சிக்கல் பொருளில் இருக்கிறது: திரும்பும் திசையை ‘ரிட்டர்ன்’ முன்னரே சொல்லிவிட்டது, ‘பேக்’ அதையே மறுபடி சொல்கிறது.

இதற்குக் கேள்விச் சோதனை உதவாது. மறுத்துப் பார்க்கும் சோதனையே உதவும். கூடுதல் சொல்லை மறுத்து ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். ‘அவன் போனான், ஆனால் பேக் போகவில்லை’ என்றால் பொருள் உண்டு, அவன் வேறெங்கோ போனான். ஆகவே ‘கோ பேக்’கில் ‘பேக்’ உழைக்கிறது. ‘அவன் ரிட்டர்ன் ஆனான், ஆனால் பேக் ஆகவில்லை’ என்றால் முன்னுக்குப் பின் முரண். ஆகவே ‘பேக்’ மிகை. ‘கம்பைன் டுகெதர்’, ‘ஃப்ரீ கிஃப்ட்’, ‘பாஸ்ட் ஹிஸ்டரி’, ‘ரிப்பீட் அகெய்ன்’ எல்லாம் இந்தச் சோதனையில் சிக்கும். ஒன்றாகாமல் கலப்பது எப்படி? விலை வாங்கிக்கொண்டு தருவது அன்பளிப்பாகுமா?

‘ரி’ என்று தொடங்கும் சொல்லுக்குப் பின் ‘பேக்’ வரவே கூடாது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. ‘ரிப்போர்ட்’ என்ற சொல்லிலும் லத்தீன் மூலத்தில் ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்ற பொருள் இருந்தது. இன்று அப்பொருள் அதில் இல்லை. அனுப்பியவரிடமே திரும்ப வந்து சொல்வதைக் குறிக்க ‘ரிப்போர்ட் பேக்’ என்பது முறையான தொடர். சோதிக்க வேண்டியது சொல்லின் இன்றைய பொருளை, அதன் மூலத்தை அல்ல. சூழலும் முடிவை மாற்றும். ஏற்கெனவே ஒருமுறை ‘ரிப்பீட்’ செய்ததை மூன்றாம் முறையாகச் சொன்னால் ‘ரிப்பீட் அகெய்ன்’ என்பதில் ‘அகெய்’னுக்கு வேலை வந்துவிடுகிறது.

ஏற்கும் அளவிலும் வேறுபாடு

‘டிஸ்கஸ் அபௌட்’ இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் ஆங்கிலத்தில் அடிக்கடி காணப்படுவது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதைச் சொல்வது அரிது. ‘ரிட்டர்ன் பேக்’ அவர்கள் வாயிலும் பேச்சோடு பேச்சாக வரும். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதற்கு மதிப்பான இடமும் இருந்தது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில், எலிசா எலியாவை விட்டுத் திரும்பிப் போகும் இடத்தில் இதே தொடர் ஆளப்பட்டிருக்கிறது.

தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இது வியப்பாக இராது. ‘மீமிசை’, ‘உயர்ந்தோங்கு’ போன்று ஒரே பொருள் தரும் சொற்கள் அடுத்தடுத்து வருவதை ஒருபொருட்பன்மொழி என்று நம் இலக்கணம் ஏற்கிறது. நன்னூலோ கூறியது கூறலை நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாகவும் வைக்கிறது. ஏற்பதும் விலக்குவதும் இடத்தைப் பொறுத்தது. ‘ரிட்டர்ன் பேக்’ அந்த வழக்கில் சேரும். அழுத்தத்துக்காகப் பேச்சில் வந்தால் பொறுக்கலாம், அலுவலகக் கடிதத்திலும் தேர்விலும் தவிர்க்க வேண்டும். ‘டிஸ்கஸ் அபௌட்’டுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ‘அபௌட்’ எதையும் அழுத்திச் சொல்வதில்லை, வினை கேட்காத ஓர் இணைப்பாக மட்டும் நிற்கிறது.

ஒரு கடிதத்தில் பொருத்திப் பார்த்தால்

குடியிருப்போர் சங்கம் ஒன்றின் கடிதத்தில் இந்த ஐந்து வாக்கியங்கள் இருப்பதாகக் கொள்வோம்: ‘வி டிஸ்கஸ்ட் அபௌட் தி பம்ப் ரிப்பேர். வி ரிக்வெஸ்டட் ஃபார் எ நியூ எஸ்டிமேட். தி கான்ட்ராக்டர் ரிட்டர்ன்ட் பேக் தி அட்வான்ஸ். வி என்டர்ட் இன்டு எ நியூ அக்ரிமென்ட். தி செகரட்டரி வில் ரிப்போர்ட் பேக் டு தி கமிட்டி.’

ஐந்திலும் வினைக்குப் பின் ஒரு சிறுசொல் நிற்கிறது. முதல் வாக்கியத்தில் ‘அபௌட்’ இல்லாமலே கேள்வி முழுமையடைகிறது, நீக்கினால் பொருளும் மாறவில்லை. நீக்குக. இரண்டாவதில் ‘ரிக்வெஸ்டட்’ வினை என்பதை அதன் இறந்தகால வடிவமே காட்டுகிறது. ‘ஃபார்’ போகலாம், அல்லது ‘மேட் எ ரிக்வெஸ்ட் ஃபார்’ என்று பெயராக்கி ‘ஃபார்’ஐ வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை மறுத்துப் பார்த்தால் முரண் வருகிறது. ‘ரிட்டர்ன்ட் தி அட்வான்ஸ்’ என்றோ ‘கேவ் பேக் தி அட்வான்ஸ்’ என்றோ ஏதேனும் ஒரு வழியைத் தேர்ந்தால் போதும். நான்காவதில் ‘இன்டு’வை நீக்கினால் ‘ஒப்பந்தம் செய்துகொண்டோம்’ என்ற பொருள் போய்விடும். விட்டுவிடுக. ஐந்தாவதை மறுக்கலாம், ஏனெனில் செயலாளர் வேறொருவரிடமும் ‘ரிப்போர்ட்’ செய்யக்கூடும். அந்தப் ‘பேக்’கும் இருக்கட்டும்.

பட்டியலை மட்டும் நம்பியவர் இரண்டாவதைத் தவறவிட்டிருப்பார், ‘பேக்’ எல்லாம் மிகை என்ற எண்ணத்தில் ஐந்தாவதை வெட்டியும் இருப்பார். சந்தேகம் வரும்போது முதலில் கேட்க வேண்டியது, கூடுதல் சொல் வினையைச் செயப்படுபொருளோடு இணைக்க வந்ததா, திசை, காலம், தன்மை போன்ற ஒரு செய்தியைச் சொல்ல வந்ததா என்பது. இணைக்க வந்தது என்றால் கேள்வியாக்கிப் பார்த்து, பொருள் மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். செய்தி சொல்ல வந்தது என்றால் மறுத்துப் பார்க்க வேண்டும். முதல் வகையில் மிகை என்று தெரிந்தால் தயங்காமல் நீக்கலாம். இரண்டாம் வகையில், அந்த இடம் அழுத்தத்தைக் கேட்கிறதா என்று இன்னொரு முறை யோசித்து முடிவு செய்யலாம்.