இராமானுசனும் நீள்வட்டத்தின் சுற்றளவும்

இராமானுசனைப் பற்றி எங்களில கனபேருக்குத் தெரிந்த கதை ஒன்றுதான். கும்பகோணத்தில் வளர்ந்த ஏழைப் பொடியன், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்லிக்கொடுத்தா, அவர் எழுந்து எழுதினார். இந்தக் கதை சரியா பிழையா என்பதை விட்டுவிடுவம். அவருடைய ஒரு சூத்திரத்தை எடுத்து, அது எங்கிருந்து வந்திருக்கலாம் என்று நாமே பார்க்க ஏலும். அது நீள்வட்டத்தின் சுற்றளவுக்கான சூத்திரம்.

முதலில் பரப்பளவு. ஒரு வட்டத்தை ஒரே திசையில் ஒரே விகிதத்தில் அமுக்கினால் நீள்வட்டம் வரும். வட்டத்தை மெல்லிய கீலங்களாக வெட்டி யோசித்தால், ஒவ்வொரு கீலமும் அதே விகிதத்தில் குறுகும். ஆகவே மொத்தப் பரப்பும் அதே விகிதத்தில் குறையும். மையத்திலிருந்து நீளப்பக்கம் a, குறுகியபக்கம் b என்றால் பரப்பளவு πab. இதைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் நிறுவிவிட்டார்.

சுற்றளவு அப்படி வராது. வட்டத்தை அமுக்கும்போது அந்தத் திசையில் கிடக்கும் விளிம்புத் துண்டுகள் நல்லாக் குறுகும், குறுக்கே கிடப்பவை அப்படியே இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு விகிதம். இதனால்தான் இரண்டாயிரம் வருசமாகியும் πab போல ஒரு சின்னச் சூத்திரம் கிடைக்கவில்லை. வழமையான சார்புகளை வைத்து அப்படி ஒன்றை எழுதவே முடியாது என்று 19ஆம் நூற்றாண்டில் லியூவில் காட்டினார்.

இடையில் இந்தக் கேள்வி அவசரமானது கெப்ளருக்கு. செவ்வாய் நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது என்று 1609இல் எழுதியவர் அவர். நீள்வட்டத்தின் அதே பரப்புள்ள வட்டத்தின் ஆரை √(ab). ஒரே பரப்புள்ள உருவங்களில் ஆகக் குறைந்த சுற்றளவு வட்டத்துக்குத்தான். ஆகவே நீள்வட்டத்தின் சுற்றளவு 2π√(ab) ஐ விடக் கூட இருக்கவேணும். சாதாரண சராசரியை ஆரையாக எடுத்தால் கிட்டத்தட்டச் சரிவரும், அதாவது π(a+b).

ஒரு கணக்குப் பார்ப்பம். a = 5 மீற்றர், b = 3 மீற்றர். பரப்பளவு 15π, அதாவது 47.12 சதுர மீற்றர். உண்மையான சுற்றளவு 25.527 மீற்றர். √(ab) வழி 24.33 தருகிறது. π(a+b) தருவது 25.13, ஏறக்குறைய 39 சென்ரிமீற்றர் குறைவு.

1914இல் π பற்றிய தன்னுடைய ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இராமானுசன் இதை எழுதுகிறார்:

π[3(a+b) − √((3a+b)(a+3b))]

எங்கட எண்களைப் போட்டால், 3(a+b) = 24. மூலத்துக்குள் 18 × 14 = 252, அதன் மூலம் 15.8745. கழித்தால் 8.1255. π ஆல் பெருக்க 25.52699. உண்மையான அளவிலிருந்து வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்களவுதான்!

இது எப்படி வந்திருக்கும்? அவர் அதை நிறுவிக் காட்டவில்லை, அனுபவமுறையில் கண்டதாகத்தான் குறிப்பிடுகிறார். ஆனால் ஒரு தடயம் இருக்கு. h = ((a−b)/(a+b))² என்று வைத்தால், உண்மையான சுற்றளவு முடிவில்லாத ஒரு தொடராக வரும்:

π(a+b)(1 + h/4 + h²/64 + h³/256 + …)

இந்தத் தொடர் அவருக்கு நூறு வருசத்துக்கு முன்பே ஐரோப்பாவில் தெரிந்தது. இராமானுசனுடைய சூத்திரத்தை அதே h இல் எழுதினால் π(a+b)(3 − √(4−h)). இதை விரித்தால்:

π(a+b)(1 + h/4 + h²/64 + h³/512 + …)

முதல் மூன்று உறுப்புகளும் அச்சொட்டாகப் பொருந்துகின்றன, நாலாவதில்தான் பிரிகின்றன. கெப்ளரின் சராசரி இதன் முதல் உறுப்பு மட்டும். முடிவில்லாத தொடரின் தொடக்கத்தை ஒரே ஒரு வர்க்கமூலத்துக்குள் அடக்கியதுதான் இங்க நடந்த வேலை.

அதற்கு எல்லையும் உண்டு. நீள்வட்டம் வட்டத்துக்குக் கிட்ட இருந்தால் h சின்னது, பிரிந்த உறுப்பு பெரிசாய் ஒன்றும் செய்யாது. நல்லாத் தட்டையானால் h ஒன்றை நெருங்கும். b பூச்சியமானால் நீள்வட்டம் ஒரு கோடாகிவிடும். போய்வரும் தூரம் 4a. சூத்திரம் தருவதோ 3.983a. a ஐந்து மீற்றர் என்றால் 8 சென்ரிமீற்றர் குறைவு. அதே கட்டுரையில் அவர் இன்னொரு சூத்திரமும் தருகிறார்:

π(a+b)[1 + 3h/(10 + √(4−3h))]

தட்டைக் கோட்டில் இது 14π/11 × a ஆகும், அதாவது 3.998a. π க்குப் பதிலாக நாம் பள்ளிக்கூடத்தில் போட்ட 22/7 ஐப் போட்டால் சரியாக 4a வரும்.

கனவுக் கதையைச் சொல்லும்போது இந்த வேலை மறைந்துபோகிறது. எந்தத் தொடரோடு பொருத்துவது, எத்தனை உறுப்பு வரைக்கும் பொருத்துவது, எந்த வடிவத்துக்குள் அடக்குவது என்ற தெரிவுகள் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் கிடக்கின்றன. அவற்றை ஒரு கொப்பியில் நாமே விரித்துப் பார்க்கலாம்.