வெப்பம் வெளியேறும் வழி: டிரம் பிரேக்கும் டிஸ்க் பிரேக்கும்

பிரேக்கின் வரலாற்றைச் சக்கரத்தை நிறுத்தும் கருவியின் வரலாறாகவே நூல்கள் பெரும்பாலும் எழுதிச் செல்கின்றன. ஓடும் வண்டியிடம் உள்ள இயக்க ஆற்றல் உராய்வால் வெப்பமாக மாறுகிறது என்பதும், அவ்வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்காத பிரேக் அடுத்த முறை தளர்ந்துபோகும் என்பதும் அவற்றில் ஓரமாகவே இடம்பெறுகின்றன. டிரம், டிஸ்க் ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியும், ஒன்று அரை நூற்றாண்டு கோலோச்ச மற்றது காத்திருக்க நேர்ந்த கதையை இந்த ஓரத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கிய 1902-ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். லான்செஸ்டரின் பிரேக்கில் வட்டத்தகட்டைப் பற்றிய செம்புப் பட்டைகள் செவியைத் துளைக்கும்படி கிறீச்சிட்டதோடு, புழுதிச் சாலைகளில் விரைவில் தேய்ந்தும் போயின. ஷூக்கள் சட்டிபோன்ற உருளைக்குள் மறைந்திருந்த டிரம் பிரேக்குக்குப் புழுதித் தொல்லை குறைவு. அதற்கு இன்னொரு சலுகையும் இருந்தது. சுழலும் டிரம் தன் முன் ஷூவைத் தானே இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்வதால், ஓட்டுநர் மிதிக்கும் விசை பெருகுகிறது. டிஸ்க்கில் இவ்வுதவி இல்லை என்பதால் அதே வேகக் குறைப்புக்குக் கூடுதலான அழுத்தம் வேண்டும். ஆகவே சாதாரண மிதியில் டிரம் டிஸ்க்குக்குச் சற்றும் சளைத்ததன்று.

சூடேறிய பிறகே அதன் குறை வெளிப்படுகிறது. உராய்வு நிகழ்வது டிரம்மின் உட்புறத்தில். வெப்பமோ வார்ப்பிரும்புச் சுவரைக் கடந்து வெளிப்புறத்தை அடைந்த பிறகே காற்றில் கலக்க முடியும். சூட்டால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் மிதி ஆழமாகத் தாழ்கிறது. லைனிங்கின் உராய்வுத் திறன் சிறிது குறைந்தாலும், மேற்சொன்ன விசைப் பெருக்கம் அக்குறைவையும் பெருக்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் மிதி கெட்டியாக நின்றும் வண்டி தளராமல் ஓடினால், தேய்ந்தது லைனிங்கன்று, அதன் உராய்வு என்று அறியலாம். இதற்குப் 'பிரேக் ஃபேடு' என்று பெயர். டிஸ்க்கின் இரு முகங்களும் திறந்தே சுழல்வதால் வெப்பம் பிறக்கும் பரப்பே காற்றுபடும் பரப்பாகவும் அமைகிறது. சூட்டில் தகடு தடிக்கும்போது பேடை விட்டு அகலாமல் அதை நோக்கியே நகர்கிறது.

இவ்வேறுபாட்டைச் சோதித்த களம் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானச் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் செய்து பழகியிருந்த டன்லப் நிறுவனம், ஜாகுவாரின் சி-டைப் காருக்கு அதைத் தகவமைத்தது. 1953-இல் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் அக்காரில் மணிக்குச் சுமார் 170 கி.மீ. சராசரி வேகத்தில் வென்றனர்.

அப்பந்தயத்தின் முல்சான் நேர்சாலை முடிவில் நிகழ்வதைத் தோராயமாகக் கணக்கிடலாம். சுமார் 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 240 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால், அது இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல். இதற்கு 7 விநாடி ஆகுமெனில் வெளியேறும் திறன் 300 கிலோவாட். அக்காரின் எஞ்சின் தரக்கூடியதோ 160 கிலோவாட் அளவே. காற்றின் தடை ஒரு பங்கைத் தாங்கினும் பெரும்பகுதி பிரேக்கின் தலையிலேயே விழுகிறது. முன்சக்கரம் ஒன்றுக்கு 6 லட்சம் ஜூல் சேர்ந்து, தகடு 10 கிலோ வார்ப்பிரும்பாயின், ஒரே மிதியில் 120 பாகை செல்சியஸ் சூடேறும். அடுத்த வளைவுக்குள் அதைக் காற்று கொண்டுசெல்லாவிட்டால் சூட்டின்மேல் சூடு சேரும். போட்டியாளர்கள் இதை எவ்வளவு உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு 1955-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். சான்று: டிரம் பிரேக்கின் சுமையைக் குறைக்க, ஓட்டுநருக்குப் பின்னே காற்றை எதிர்த்து எழும் பெரிய தகடு ஒன்றை அதில் பொருத்தியிருந்தனர். குறையைச் சரியாக உணர்ந்தும் டிரம்மை விட மனமில்லாத பொறியாளரின் தீர்வு அது.

டிஸ்க்குக்கும் ஒரு வரம்பு உண்டு. பேடின் வழியே வெப்பம் பிஸ்டனை அடைந்து பிரேக் எண்ணெயைச் சூடாக்குகிறது; நாளடைவில் ஈரம் உறிஞ்சிய எண்ணெயின் கொதிநிலை தாழ்ந்துவிடுவதால், அதில் ஆவிக்குமிழ்கள் தோன்றி மிதி பஞ்சுபோல அமிழ்கிறது. இரு முகங்களுக்கிடையே காற்று புகும் இடைவெளியுள்ள தகடுகள் பின்னர் பரவியதற்கு வெப்பத்தை விரைந்து போக்கும் தேவையே காரணம். 1955-இல் சித்ரோயன் டி.எஸ். முன்சக்கரங்களில் டிஸ்க்கை ஏற்றது. வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்வதால் வெப்பத்தின் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. அப்பங்கு குறைவாகவே கிட்டும் பின்சக்கரங்களில், சிறு கார்கள் பல இன்றும் டிரம் பிரேக்கோடுதான் ஓடுகின்றன.