தோல்வியை எழுதும் மொழி: 2007 உலகக் கோப்பையும் தாதரும்

2007 மார்ச் 23 அன்று போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இலங்கையிடம் 69 ஓட்டங்களில் தோற்றதோடு, இந்திய அணியின் உலகக் கோப்பைப் பயணம் ஏறத்தாழ முடிந்துபோனது. இரண்டு நாள் கழித்து வங்கதேசம் பெர்முடாவை வென்றபோது வெளியேற்றம் உறுதியானது. அந்த அணியில் இருவர் தாதர் சிவாஜி பூங்கா மைதானத்தில் ரமாகாந்த் அச்ரேக்கரிடம் ஆட்டம் பயின்றவர்கள்: சச்சின் டெண்டுல்கர், அஜித் அகர்கர். ஆகவே அத்தோல்வியின் விசாரணை தாதரில் ஊர்ப்பிள்ளைகளைப் பற்றிய பேச்சாகவும் அமைந்தது. அவ்விசாரணை எந்த மொழியில் நடந்தது, அதில் எது நியாயம், எது வரம்பு மீறல் என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்த நிலையில் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் போட்டியின் அமைப்பு. 2007இல் பதினாறு அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் அணிக்கும் முதல் சுற்றில் மூன்றே ஆட்டங்கள்; பிரிவுக்கு இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும். 2003இல் முதல் சுற்றில் ஆறு ஆட்டங்கள் இருந்தன. அந்த ஆண்டு செஞ்சூரியனில் ஆஸ்திரேலியாவிடம் 125 ஓட்டங்களுக்குச் சுருண்ட இந்தியா, பின்னர் மீண்டெழுந்து இறுதி ஆட்டம் வரை சென்றது. 2007இல் அப்படி மீள்வதற்கான அவகாசம் இல்லை. ஒரு மோசமான நாள், அதன்பின் வலுவான எதிரணியுடன் ஒரு நாள். அவ்வளவில் கணக்கு முடிந்தது. இது தோல்விக்குச் சமாதானமன்று, ஏனெனில் எல்லா அணிகளுக்கும் அதே விதிதான். ஆயினும் முதல் சுற்று வெளியேற்றம் என்ற சொல் சுட்டும் வீழ்ச்சியின் ஆழத்தில் ஒரு பகுதி அட்டவணையைச் சேர்ந்தது. 2011இல் ஏழு அணிகள் கொண்ட இரு பிரிவுகள் என்ற அமைப்பு திரும்பியது. அந்தத் தொடரின் முதல் சுற்றில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்ற இந்தியாதான் இறுதியில் கோப்பையை வென்றது.

அடுத்து, அந்த மோசமான நாள். மார்ச் 17 அன்று வங்கதேசத்துக்கு எதிராக நாணயச் சுழற்சியில் வென்ற ராகுல் திராவிட் மட்டைபிடிக்கத் தீர்மானித்தார். அணி 49.3 ஓவர்களில் 191 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சௌரவ் கங்குலி 129 பந்துகளில் 66 ஓட்டங்கள் எடுத்தார். தோல்விக்குப் பின் பலரது விரல் அந்த 129 பந்துகளை நோக்கியே நீண்டது. ஆட்டத்தின் போக்கைப் பார்த்தால் கதை சற்று வேறு. 72 ஓட்டங்களில் நான்கு விக்கெட்டுகள் போயிருந்தன. அதன்பின் கங்குலியும் யுவராஜ் சிங்கும் 85 ஓட்டங்கள் சேர்த்து அணியை 157 வரை கொண்டுவந்தனர். அங்கிருந்து 159 ஆவதற்குள் ஐந்து விக்கெட்டுகள் விழுந்தன. கடைசி இணையான ஜாகீர் கானும் முனாஃப் படேலும் 32 ஓட்டங்கள் சேர்த்திராவிட்டால் 191கூட வந்திராது.

இங்கே நியாயமான குறை ஒன்று உண்டு. மெதுவான ஆடுகளத்தில் அப்துர் ரசாக், முகமது ரஃபிக், ஷாகிப் அல் ஹசன் என்ற மூன்று இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்களிடம் ஒற்றை ஓட்டங்களை எடுத்துத் துடுப்பாளர்களை மாற்றிக்கொண்டே இருக்கும் வழியை இந்திய அணி கண்டுகொள்ளவில்லை. ஓட்டமில்லாப் பந்துகள் குவிந்தன. அந்த அழுத்தத்தைக் கடைசி ஓவர்களில் ஒரே மூச்சில் தீர்க்க முயன்றபோது வரிசை சரிந்தது. கங்குலியின் நிதானமும் பின்வந்தோரின் அவசரமும் ஒரே குறையின் இரு முகங்கள். குறையைக் கங்குலி ஒருவர் மீது ஏற்றும் பத்தி தவறான ஆளைத் தண்டிக்கிறது. அதைவிட, உண்மையான நோயைத் தப்பவிடுகிறது. எதிரணிக்கு உரியதையும் அது கொடுக்க மறுக்கிறது. மஷ்ரஃபே மோர்தசா 38 ஓட்டங்கள் கொடுத்து நான்கு விக்கெட்டுகள் வீழ்த்தினார். தமிம் இக்பால், முஷ்பிகுர் ரஹிம், ஷாகிப் ஆகிய மூன்று இளைஞர்கள் அரைச்சதம் அடித்தனர். 2004 டிசம்பரில் டாக்காவிலேயே வங்கதேசம் இந்தியாவை வென்றிருந்தது. அத்தகைய அணியிடம் தோற்பதை அவமானம் என்று மட்டும் எழுதியவர்கள் வென்றவரையும் சேர்த்தே இழித்தனர்.

இரண்டாவது பெரிய குற்றச்சாட்டு, துடுப்பாட்ட வரிசை பற்றியது. 1994 முதல் பெரும்பாலும் தொடக்க ஆட்டக்காரராக இருந்த டெண்டுல்கரைப் பயிற்சியாளர் கிரெக் சாப்பலின் காலத்து அணி நடுவரிசைக்கு இறக்கியது. மெதுவான கரீபிய ஆடுகளங்களில் இடை ஓவர்களை நடத்த அனுபவமுள்ள கை வேண்டும் என்பது அதற்கான காரணம். அம்முடிவு எடுத்த எடுப்பிலேயே அபத்தம் அன்று. 2007 ஜனவரி 31இல் வதோதராவில் அதே நடுவரிசையில் இறங்கி மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் ஆட்டமிழக்காமல் சதமடித்திருந்தார். வங்கதேச ஆட்டத்திலோ அணி 21 ஓட்டங்களில் இரண்டு விக்கெட்டுகளை இழந்தபோதே அவர் களமிறங்கிவிட்டார். வரிசையில் நான்காவதாக இருந்தாலும் அன்று அவர் சந்தித்தது ஏறத்தாழத் தொடக்க ஆட்டக்காரரின் சூழலைத்தான். அவர் 7 ஓட்டங்களில் வெளியேறியதை வரிசை மாற்றத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஒரு முடிவை அது எடுக்கப்பட்ட நாளில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு எடைபோடுவது விமர்சனம். விளைவை அறிந்தபின் முடிவெடுத்தவரை மூடர் என்பது தீர்ப்பு மட்டுமே.

மொழியின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்க் கிரிக்கெட் எழுத்தில் ஒருவர் வெளியேறுவதைச் சொல்லப் பல வினைகள் உள்ளன. ‘ஆட்டமிழந்தார்’ என்பது நிகழ்வை மட்டும் கூறும், பழி சொல்லாது. ‘விக்கெட்டைப் பறிகொடுத்தார்’ என்பதில் எதிராளியின் திறன் உள்ளே வருகிறது. ‘விக்கெட்டைத் தாரைவார்த்தார்’ என்றதும் பொறுப்பு முழுவதும் துடுப்பாளரிடம் சென்றுவிடுகிறது. பறிப்பவர் ஒருவர் இருந்தால்தான் பறிகொடுத்தல். தாரைவார்க்க மனம் இசைந்த கொடையாளி போதும். இலங்கை ஆட்டத்தில் முத்தையா முரளிதரனின் பந்தில் முதல் பந்திலேயே கால்முன் விக்கெட் முறையில் வீழ்ந்த மகேந்திர சிங் தோனிக்கு இம்மூன்றில் எந்த வினை பொருந்தும் என்பது ரசனை பற்றிய கேள்வியன்று, சான்று பற்றிய கேள்வி. 41 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகள் எடுத்த முரளிதரனிடம் அவர் பறிகொடுத்தார் என்பதே நேர்மையான தமிழ். ‘மானம் கப்பலேறியது’ போன்ற தொடர்களோ எந்தப் பந்தையும் எந்த அடியையும் சுட்டாதவை. அவற்றைப் படித்தபின் வாசகருக்கு ஆட்டத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது, கோபம் மட்டும் கூடியிருக்கும். வங்கதேசத் தோல்விக்குப் பின் ராஞ்சியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த தோனியின் வீடு தாக்கப்பட்டது. எந்தப் பத்தியும் அந்தக் கற்களை எடுத்துக் கொடுத்ததில்லை. ஆனால் ஓர் அடியின் பிழையை ஒரு மனிதனின் துரோகமாக மொழிபெயர்க்கும் பழக்கம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது.

அத்தகைய மொழிபெயர்ப்பு நாகரிகமான உரைநடையிலும் நிகழும். இந்தியா வெளியேறிய சில நாள்களில், மும்பையின் மிட்-டே நாளிதழில் முன்னாள் ஆஸ்திரேலியத் தலைவர் இயன் சாப்பல் எழுதிய பத்தி பெரும் விவாதத்தைக் கிளப்பியது. டெண்டுல்கர் கண்ணாடி முன் நின்று, தாம் தொடர்ந்து ஆடத்தான் வேண்டுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அப்பத்தியில் இரண்டு வகைக் கூற்றுகள் கலந்திருந்தன. பந்துவீச்சை ஆண்டவர் இப்போது தயங்கி ஆடுகிறார் என்பது கண்ணால் காணக்கூடியது, ஓட்டப் பட்டியலைக் கொண்டு விவாதிக்கக்கூடியது. எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் அது நியாயமான விமர்சனம். சாதனை எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக ஆடுபவரைப் போலத் தோன்றுகிறார் என்பது உள்நோக்கம் பற்றிய கூற்று. அதை எந்தப் பட்டியலும் நிறுவாது, எந்தப் பட்டியலும் மறுக்காது. மறுக்க வழியில்லாத குற்றச்சாட்டை ஒருவர் மீது வைப்பதுதான் அவரது கண்ணியத்தைத் தொடும் இடம். எழுதியவர் அணிப் பயிற்சியாளரின் அண்ணன் என்பதால் இந்த எல்லையை அவர் இன்னும் கவனமாகக் காத்திருக்க வேண்டும். மூத்த வீரர்களின் மனப்பான்மையைப் பயிற்சியாளர் குறைகூறியதாகச் செய்திகள் வந்த நேரம் அது. அது தம்மைப் புண்படுத்தியது என்று டெண்டுல்கர் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் கூறினார். ஏப்ரல் 4 அன்று கிரெக் சாப்பல் விலகினார். ஊடகத்திடம் பேசியதற்காக வாரியம் டெண்டுல்கரிடம் விளக்கம் கேட்டது.

தாதருக்கு இது புதிதன்று. சிவாஜி பூங்காவின் இன்னொரு பிள்ளையான அஜித் வாடேகர், 1971இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் தொடர்களை வென்று திரும்பியபோது மும்பை அவரை ஊர்வலமாக வரவேற்றது. 1974இல் இங்கிலாந்தில் மூன்று டெஸ்ட்களும் தோற்றன; லார்ட்சில் 42 ஓட்டங்களுக்கு அணி முழுவதும் ஆட்டமிழந்தது. வாடேகரின் வீட்டின் மீது கல் விழுந்தது. 1971 வெற்றியின் நினைவாக இந்தூரில் நிறுவப்பட்டிருந்த பெரிய மட்டைச் சின்னம் சிதைக்கப்பட்டது. மேற்கு மண்டல அணியிலும் இடம் மறுக்கப்பட்டு அவர் ஓய்வு பெற்றார். 1971இன் டெஸ்ட்கள் ஜூலை, ஆகஸ்டில் நடந்தன. 1974இல் அவை ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பித்தன. ஈரமும் குளிரும் மிகுந்த முற்பகுதிக் கோடையில் சுழற்பந்தை நம்பிய அணி எப்படித் தயாரானது என்று கேட்டிருக்கலாம். கல்லெறிந்தவர்களுக்கு அக்கேள்வி தேவைப்படவில்லை.

டெண்டுல்கரைக் காப்பவர்கள் வழக்கமாக 2010இன் குவாலியர் இரட்டைச் சதத்தையும் 2011 கோப்பையையும் காட்டுவார்கள். தோனிக்கு 2007 செப்டம்பரின் இருபது ஓவர் உலகக் கோப்பையைக் காட்டுவார்கள். இது பலவீனமான வாதம். பின்னால் வென்றவருக்கு மட்டும் முன்தேதியிட்டு மரியாதை வழங்கினால், வாடேகருக்கும் அகர்கருக்கும் அது கிடைக்காமல் போகும். வாடேகருக்கு 1974க்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் வாய்க்கவில்லை. அகர்கரின் ஒருநாள் வாழ்க்கை 2007 செப்டம்பரிலேயே முடிந்தது. இருவரும் தோல்வியைத் திருத்தி எழுத வாய்ப்பின்றி விலகியவர்கள். தோற்ற ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தி நியாயமானதா என்பதை, அடுத்த வெற்றி வராமலே போய்விட்ட ஆட்டக்காரர் அதைப் படித்து ‘ஆம், அந்தப் பந்தை நான் அப்படி ஆடியிருக்கக் கூடாது’ என்று ஒப்புக்கொள்ள இடம் இருக்கிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.