கருமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது: பதுங்குகுழியிலிருந்து ஒரு கடிதம்

இந்த எபிசோடுக்காக நான் ஒரு கடிதம் எழுதினேன். 1915 மார்ச் கடைசி, பிரான்ஸ்ல பதுங்குகுழியில இருக்கிற ஒரு பஞ்சாபி சிப்பாய் வீட்டுக்கு எழுதுற கடிதம். ஆள் கற்பனைதான். ஆனா ஒரு விதி வெச்சுக்கிட்டேன்: நமக்குக் கிடைச்ச நிஜக் கடிதங்கள்ல இல்லாத மாதிரி எதையும் அவர் பேசக் கூடாது.

முதல் டிராஃப்ட் மொத்தமா சொதப்பல். 'அன்பு மனைவிக்கு'ன்னு ஆரம்பிச்சு, ஊர் பேரு, செத்தவங்க எண்ணிக்கை, ராத்திரி தனியா அழுதது எல்லாத்தையும் கொட்டியிருந்தேன். ஏன் தப்புன்னு புரியணும்னா, அந்தக் கடிதங்கள் வந்த வழி தெரியணும்.

1914 செப்டம்பர் கடைசியில இந்தியப் படைகள் மார்செய்ல்ஸ் துறைமுகத்துல இறங்கினாங்க. பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட சொல்லி எழுத வைப்பாங்க. அதை முதல்ல ரெஜிமென்ட்லயே படிச்சுப் பார்ப்பாங்க. அப்புறம் பூலோன் நகரத்துல இருந்த தணிக்கை அலுவலகம். அதைத் தொடக்கத்துல நடத்தினவர் ஈவ்லின் ஹோவல்ங்கிற ஐ.சி.எஸ். அதிகாரி. அங்கே சில கடிதங்களை மட்டும் பொறுக்கி, இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து, வாராந்தர அறிக்கையோட இணைச்சு மேலே அனுப்புவாங்க. இன்னைக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கிறது அந்த மொழிபெயர்ப்புப் பகுதிகள்தான். அதாவது நம்ம காதுக்கு வர்ற குரல், எழுதினவர், தணிக்கையாளர், மொழிபெயர்ப்பாளர்னு பல கைகள் மாறி வந்தது.

இதையெல்லாம் மனசுல வெச்சு எழுதின ரெண்டாவது டிராஃப்ட் இது:

"மரியாதைக்குரிய அப்பாவுக்கு மகன் வணங்கி எழுதுவது. வாகேகுரு அருளால் நான் நலம். எல்லோரும் நலமா, எருமை கன்று போட்டதா என்று எழுதவும். இங்கே மழை நிற்கவில்லை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடுகிறது. அதனால் மண்மூட்டைகளை அடுக்கி அதன் பின்னால் நிற்கிறோம். இந்த மாதம் நடந்ததை எழுத முடியாது. மகாபாரதத்தில் கேட்ட போரை நான் கண்ணால் பார்த்தேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கருமிளகு நிறையச் செலவாகிவிட்டது. சிவப்பு மிளகாயும் செலவாகிறது, ஆனால் கருமிளகுதான் அதிகம். இன்னும் கேட்டு ஊருக்கு ஆள் வருவார்கள். கோதுமை அறுவடை வருகிறது, தம்பி வயலை விட்டு எங்கும் போக வேண்டாம். இந்த நாட்டில் பெண்கள் ஏர் பிடிக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். என் மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்."

இப்போ ஒவ்வொண்ணா பார்ப்போம். முதல்ல, மனைவி போய் அப்பா வந்துட்டார். சொல்லி எழுத வைக்கிற கடிதம், ஊர்லயும் யாரோ ஒருத்தர் சத்தமா படிச்சுக் காட்டப்போற கடிதம். மனைவிக்கு மட்டும் சொல்ற ரகசியம் அதுல எப்படி வரும்?

'இந்த மாதம் நடந்தது' நவ் ஷபேல் சண்டை, மார்ச் 10 முதல் 13 வரை. தாக்குதலுக்குப் போன படையில ஏறக்குறைய பாதி இந்தியப் படைப்பிரிவு. செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்கன்னு அந்தப் பிரிவுல மட்டும் 4,000 பேருக்கு மேல. அந்த எண்ணிக்கை நமக்குத் தெரியும். குழியில நிக்கிற சிப்பாய்க்குத் தெரிய வாய்ப்பே இல்லை. தன் கம்பெனியில யார் இல்லைன்னுதான் அவருக்குத் தெரியும். மகாபாரத ஒப்பீடு நிஜக் கடிதங்கள்ல திரும்பத் திரும்ப வருது. பிரெஞ்சுப் பெண்களைப் பார்த்து, பெண் குழந்தைகளைப் படிக்க வைங்கன்னு எழுதினவங்களும் இருந்தாங்க.

மிளகு விஷயமும் நிஜம்தான். கருமிளகுன்னா இந்தியச் சிப்பாய்கள், சிவப்புன்னா வெள்ளைக்காரச் சிப்பாய்கள். தங்க கடிதத்தை அதிகாரிங்க படிக்கிறாங்கன்னு இவங்களுக்குத் தெரியும். தணிக்கையாளருக்கும் இந்தக் குறியீடு புரிஞ்சிடுச்சு. அதனாலதான் அது அறிக்கையில ஏறி நம்ம கைக்கு வந்திருக்கு.

அங்கேதான் எனக்கு இடறுது. பிடிபட்ட குறியீடுகள்தான் நமக்குக் கிடைச்சிருக்கு. பிடிபடாம வீடு போய்ச் சேர்ந்தது எதுவும் இந்த அறிக்கையில இருக்காது. 'எருமை நலமா'ங்கிறதும் ஒரு குறியீடா இருந்திருந்தா, நாம அதை வெறும் எருமையாத்தான் படிச்சிட்டுப் போவோம்.

என் கடிதத்துல அவர் சொல்ல வந்ததே ஒரு வரிதான்: தம்பியை அனுப்பாதீங்க. மழை, மிளகு, அறுவடை எல்லாம் அந்த வரியைப் பத்திரமா ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். அப்பாவுக்குப் புரிஞ்சுதான்னு என் கடிதத்துல நான் எழுதலை. அந்த அறிக்கைகள்லயும் பெரும்பாலும் கடிதம் அதோட முடிஞ்சிடுது.